தார்க் கறைக்குப் பெட்ரோல் எதுக்கு? அடுப்படி எண்ணெயே போதும்

சங்கரன்கோவில் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்குது. இந்த நேரத்துல எங்க ஊர்ல ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு கோடை உழவு, இன்னொண்ணு ரோடு போடுறது. மழை வந்தா தார் ஒட்டாதுங்கிறதால, வெயில் காலத்துலதான் லிங்க் ரோட்டுல எல்லாம் ரோலர் ஓடும். அந்த நாள்ல இருந்து ஊர்ல பாதிப் பேரு செருப்புலயும் பேன்ட் கீழ்மடிப்புலயும் கறுப்பு கறுப்பா கறை இருக்கும். புது ரோடு போடாத ஊர்லயும், மத்தியான வெயில்ல பழைய ரோடே இளகி ஒட்டத்தான் செய்யும்.

கறை பட்டதும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "வண்டியில இருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் தேய்ப்பா." கிராமத்துல மட்டும் இல்ல, சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கிற சொந்தக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க. இந்த யோசனை தப்புன்னு நான் நினைக்கிறேன். பெட்ரோல் தாரைக் கரைக்காதுன்னு சொல்ல வரல. நல்லாவே கரைக்கும், ரொம்ப வேகமாவும் கரைக்கும். துணிக்குப் பிரச்சினையே அந்த வேகத்துலதான் ஆரம்பிக்குது.

முதல்ல தார்னா என்னன்னு பார்த்துடுவோம். நம்ம வாய்ல தார் தார்னு வந்தாலும், இன்னைக்கு ரோட்டுல போடுறது பழைய காலத்து நிலக்கரித் தார் இல்ல. கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலையில காய்ச்சிப் பெட்ரோல், டீசல் எல்லாம் பிரிச்சு எடுத்த பிறகு அடியில தங்குற கெட்டிச் சரக்கு. இங்கிலீஷ்ல பிட்டுமென்னு சொல்வாங்க. ஆக, தாரும் எண்ணெய் வம்சம்தான். அதனாலதான் எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் அசையாது, எண்ணெயைக் கண்டா இளகும். சோப்பை மட்டும் போட்டுத் தேய்ச்சா கை வலிக்குமே தவிர கறை போகாது. கறையைச் சோப்பு பிடிக்கணும்னா, முதல்ல அந்தக் கெட்டித் தார் இளகின எண்ணெயா மாறணும்.

வெயிலுக்கு இது ஏன் ஒட்டுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. நம்ம நாட்டு ரோடுகள்ல பரவலா போடுற தாருக்கு விஜி-30ன்னு பேரு. அது குறைஞ்சது 47 டிகிரி வரைக்குமாவது இளகாம இருக்கணும்ங்கிறது தர விதி. ஆனா சித்திரை மத்தியானத்துல கறுப்பு ரோட்டு மேல கால் வைக்க முடியுதா? காத்துல 40 டிகிரி இருந்தா ரோட்டு மேல்பரப்பு 60ஐத் தாண்டிடும். ஜல்லிக்குத் தேவையானதுக்கு மேல தார் சேர்ந்துபோன இடத்துல அது மேல எழும்பி வந்து கண்ணாடி மாதிரி பளபளன்னு தெரியும். அந்தப் பளபளப்பைப் பார்த்தா ஒதுங்கிப் போங்க. சாம்பல் நிறமா, ஜல்லி துருத்திக்கிட்டுத் தெரியிற இடத்துல மிதிச்சா ஒட்டாது.

இன்னொண்ணு, புது ரோடு போடுற இடத்துல மட்டும் இருக்கிறது. ஜல்லி கலந்த தாரைக் கொட்டுறதுக்கு முன்னாடி, கீழ இருக்கிற பழைய ரோட்டு மேல ஒரு தண்ணிச் சரக்கைத் தெளிப்பாங்க. பழசும் புதுசும் ஒட்டுறதுக்குப் பசை மாதிரி. அது தாரைத் தண்ணியில பால் மாதிரி கலக்கி வச்சது, எமல்ஷன்னு சொல்வாங்க. தெளிச்ச உடனே காப்பித்தூள் நிறத்துல இருக்கும். வெயில்ல கொஞ்ச நேரத்துலேயே தண்ணி பிரிஞ்சு கறுப்பாயிடும். நிறம் மாறுற அந்த நேரம்தான் நமக்கு முக்கியம். பழுப்பா இருக்கும்போது பேன்ட்டுல தெறிச்சா, அங்கேயே பாட்டில் தண்ணியை நிறைய ஊத்தி அலசினா பெரும்பாலும் போயிடும். கறுத்துப் போச்சுன்னா அது முழுத் தார், இனி தண்ணிக்கு வேலை இல்ல. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு நினைக்கிறவங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள கறுத்துடும்.

இப்ப பெட்ரோல் கதைக்கு வருவோம். போன கோடையில எங்க அக்கா மகன் ஒரு பேன்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்தான். தென்காசியில ஒரு கடையில விற்பனை வேலை அவனுக்கு. 1200 ரூபாய் குடுத்து எடுத்த சந்தன நிறப் பேன்ட், பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி. ரெண்டு கால் மடிப்புலயும் தார். வலது காலுக்கு ஏற்கனவே பெட்ரோல் வைத்தியம் பார்த்துட்டான்.

"மாமா, கறுப்பு போயிட்டு, ஆனா இந்தா பாருங்க, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாப் பரவிட்டு. இடது காலுக்கும் இதே மாதிரி ஆயிருமோ?"

"எலேய், அதுல கையை வைக்காத. அயர்ன் எதுவும் பண்ணிட்டியா?"

"இல்ல மாமா."

"அப்ப உக்காரு."

வலது கால்ல நடந்தது இதுதான். சுண்டைக்காய் அளவுக்கு இருந்த தாரைப் பெட்ரோல் ஒரு நொடியில தண்ணியாக் கரைச்சிட்டு. கரைஞ்ச தார் துணியோட நூல் வழியா நாலு பக்கமும் ஓடிட்டு. அடுத்த நிமிஷம் பெட்ரோல் காத்துல பறந்துபோச்சு. பெட்ரோல்தான் பறந்தது, தார் பறக்கல. அது எங்கெங்க ஓடுச்சோ அங்கங்க மெலிசா உக்காந்துக்கிட்டு. அதான் அந்தப் பழுப்பு வளையம். சமையல் எண்ணெய் இப்படிப் பண்ணாது. மெதுவாத்தான் கரைக்கும், ஆனா பறந்து போகாது. கரைச்ச தாரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அங்கேயே இருக்கும். நாம அதை இன்னொரு துணியில ஒத்தி எடுக்கலாம், மிச்சத்தைச் சோப்பு போட்டு வெளியேத்தலாம்.

இடது காலுக்குச் செஞ்சதை அப்படியே சொல்றேன். அவன் வீட்டு ஃபிரிட்ஜ்ல இருந்து ஐஸ் கட்டி நாலைஞ்சு எடுத்து, பாலித்தீன் பையில போட்டு, கறை மேல கால் மணி நேரம் வச்சோம். குளிர்ந்தா தார் மிட்டாய் மாதிரி நொறுங்கும். அப்ப ஒரு ஸ்பூன் காம்பால கிளப்பினா மேல இருக்கிற கட்டி துண்டு துண்டா வந்துடும். கத்தி வேண்டாம், நூல் அறுந்துடும். ஐஸ் இல்லைன்னா வெயில் தாழட்டும், ராத்திரி பேன்ட்டைக் கொடியில போட்டுட்டு விடிகாலையில சுரண்டுங்க. சூட்டோட சுரண்டினா பசை மாதிரி இழுபட்டுப் பரவும்.

மேல் கட்டி போனதும் நூலுக்குள்ள இறங்கின கறுப்பு மட்டும் மிச்சம். பேன்ட்டை உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரிப் புரட்டி, கறை பட்ட முகம் கீழ இருக்கிற மாதிரி வச்சு, அதுக்கு அடியில பழைய வெள்ளை வேட்டித் துணியை நாலா மடிச்சுப் போட்டோம். மேல இருந்து, அதாவது கறைக்குப் பின்பக்கத்துல இருந்து, தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் விட்டு விரலால அழுத்தினோம். தேய்க்கல, அழுத்தினோம் அவ்வளவுதான். பின்பக்கத்துல இருந்து விட்டா, எண்ணெய் தாரை வந்த வழியே வெளிய தள்ளும். முன்பக்கத்துல இருந்து விட்டா உள்ளதான் தள்ளும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவா இருந்தாலும் சரி. வடை சுட்ட எண்ணெய் மட்டும் வேண்டாம், அதுல இருக்கிற மஞ்சள் தனிக் கறையாயிடும்.

இருபது நிமிஷம் கழிச்சுத் தூக்கிப் பார்த்தா, கீழ இருந்த வேட்டித் துணியில கறுப்பா ஒரு வட்டம். துணியை நகர்த்திச் சுத்தமான இடத்தைக் கறைக்கு அடியில கொண்டுவந்து, மறுபடியும் எண்ணெய். ரெண்டாவது தடவை வட்டம் கரும்பழுப்பு, மூணாவது தடவை தேன் நிறம், நாலாவது தடவை வெறும் எண்ணெய் ஈரம். தார் தீர்ந்துச்சான்னு பேன்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அடியில இருக்கிற துணிதான் சொல்லும். அதுல நிறம் இறங்குற வரைக்கும் சோப்பு பக்கம் போகக் கூடாது. பாதியில சோப்பு போட்டா எண்ணெய் போயிடும், தார் உள்ளேயே தங்கிடும்.

இனி எண்ணெயை எடுக்கணும். இங்கதான் நிறையப் பேரு முதல்ல தண்ணியில முக்குறாங்க. அது வேண்டாம். எண்ணெய் ஈரத்தோட இருக்கிற துணி மேல நேரா பாத்திரம் கழுவுற லிக்விடை விட்டுக் கசக்கி, பத்து நிமிஷம் விட்டோம். லிக்விட் இல்லைன்னா பார் சோப்பை லேசா நனைச்சுத் தடவலாம். அதுக்குப் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணி. தார் போன பிறகு சூடு நல்லது, எண்ணெய் சீக்கிரம் விடும். தார் இருக்கும்போதுதான் சூடு ஆகாது. இப்படி ரெண்டு தடவை அலசி, நிழல்ல காயப்போட்டோம். காய்ஞ்ச பிறகு அந்த இடம் மத்த இடத்தை விடக் கொஞ்சம் கருமையா ஈரம் மாதிரி தெரிஞ்சா எண்ணெய் மிச்சம் இருக்குன்னு அர்த்தம், இன்னொரு தடவை லிக்விட் போடணும். முழுசாப் போகுற வரைக்கும் அயர்ன் பாக்ஸைக் கிட்ட கொண்டு போகாதீங்க. மிச்சம் மீதித் தாரை இளக்கி நூலோட நிரந்தரமா சேர்த்துடும்.

இடது கால் சுத்தம். எங்க இருந்துச்சுன்னு தேடிப் பார்த்தாத்தான் தெரியும். வலது காலுக்கும் அதே எண்ணெய் வைத்தியம் பார்த்தோம். வளையம் பாதிக்கு மேல வெளுத்துச்சு, ஆனா ஓரத்துல வெளிர்பழுப்புக் கோடு ஒண்ணு நின்னுக்கிட்டு. கடைசியில தையல்காரர் கிட்டக் குடுத்து ரெண்டு காலையும் ஒரு இஞ்சு மடிச்சுத் தைச்சாச்சு. அவன் இன்னும் அதைத்தான் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போறான்.

"அப்ப ட்ரை கிளீனிங் கடையில மட்டும் பெட்ரோல் மாதிரி திரவம்தானே போடுறாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அங்க மிஷின்ல துணி முழுக்க அந்தத் திரவத்துலேயே முங்கி அலசப்படுது. கரைஞ்ச அழுக்கை அந்தத் திரவமே துணியை விட்டு வெளிய கொண்டு போயிடுது. நாம பஞ்சுல நாலு சொட்டு வச்சுத் தேய்க்கும்போது கரைஞ்ச தாருக்குப் போக இடம் இல்ல, துணியிலதான் பரவும். அதனால பட்டு, கம்பளி, கோட்டு மாதிரி தண்ணி ஆகாத துணின்னா வீட்டுல எதையும் தொடாம, தார்னு சொல்லிக் கடையிலேயே குடுத்துடுங்க. வெள்ளைத் துணிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுறவங்களும் உண்டு. தார் சாயம் இல்லையே வெளுக்கிறதுக்கு. பிளீச்சிங்ல துணிதான் நைஞ்சு போகும்.

செருப்புக்கு வந்தா பெட்ரோல் இன்னும் மோசம். ரப்பர் செருப்புல பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பட்டா ரப்பர் அதைக் குடிச்சு உப்பிடும். வார் மாட்டுற ஓட்டை தளர்ந்து, நடக்கும்போது வார் கழண்டு கழண்டு வரும். ஷூன்னா அடிப்பாகம் பசையிலதான் ஒட்டியிருக்கு. அந்தப் பசையும் இளகி, ஒரு வாரத்துல முன்னாடி வாயைப் பிளக்கும். தார்க் கறைக்காக ஆரம்பிச்சுச் செருப்பையே தூக்கிப் போட்டவங்க எங்க தெருவுலேயே உண்டு.

அடிப்பக்கத்துல ஒட்டினதுக்கு அவசரத்துல எண்ணெய் கூட வேண்டாம். அடுப்புச் சாம்பலோ, காய்ஞ்ச மண் தூளோ, பட்டணத்துல இருந்தா முகத்துக்குப் போடுற பவுடரோ அது மேல அப்பிடுங்க. தாரோட பிசுபிசுப்பு அடங்கிடும், வீட்டுத் தரையில ஒட்டாது. எங்க கரிசல் புழுதியில நாலு எட்டு நடந்தாலே அந்த வேலை முடிஞ்சிடும். பிறகு ஐஸ் வச்சோ ராத்திரிக் குளிர்ல வச்சோ குச்சியால நோண்டி எடுத்துடலாம். மேல்பக்கத்துலயும் வார்லயும் இருக்கிற மிச்சத்துக்குத் துணியில எண்ணெய் தொட்டு வட்டமாத் துடைச்சு, அரை மணி நேரத்துக்குள்ள சோப்பு போட்டுக் கழுவிடுங்க. ராத்திரி முழுக்க எண்ணெயில ஊற வச்சா ரப்பர் அதையும் குடிச்சு உப்பும்.

தோல் செருப்புன்னா எண்ணெய் ஒரு சொட்டுதான், அதுவும் கறை மேல மட்டும், உடனே துடைச்சுடணும். அந்த இடம் கொஞ்சம் கறுக்கும், கறுப்புத் தோல்னா பாலிஷ்ல மறைஞ்சிடும். வெளிர் நிறத் தோல்னா அடையாளம் நிக்கத்தான் செய்யும். ரோமம் மாதிரி மெத்துன்னு இருக்கிற தோல்ல எண்ணெயே வைக்காதீங்க, குளிர வச்சுச் சுரண்டுறதோட விட்டுடுங்க.

பெட்ரோலுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. பெட்ரோல் நனைஞ்ச துணியை அடுப்படிக்குப் பக்கத்துலயோ வாஷிங் மிஷின்லயோ போடுறது நெருப்போட விளையாடுறது. அந்த ஆவி தரையோட தரையா ஊர்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். ஒரு பேன்ட்டுக்காக அந்த அளவுக்குப் போகணுமா?

கடைசியா, இதை எழுதணும்னு எனக்குத் தோணினதுக்கு முக்கியமான காரணம். தார் போடுற இடத்துல வேலை பார்க்கிற ஆணும் பெண்ணும் சாயங்காலம் கைகால் கழுவுறதைப் பார்த்திருக்கீங்களா? மண்வெட்டி, சட்டியைக் கழுவக் கொண்டுவர்ற டீசலையே கையிலயும் கால்லயும் ஊத்தித் தேய்ச்சுக்கிறாங்க. கறை போகுது, கூடவே தோல்ல இருக்கிற பசையும் போகுது. பிறகு வெடிப்பு, எரிச்சல், சொறி. துணிக்குச் சொன்ன அதே வழிதான் தோலுக்கும். ஆறின தார்னா தேங்காய் எண்ணெய் தடவி அஞ்சு நிமிஷம் விட்டுத் துடைச்சுச் சோப்பு போட்டாப் போயிடும், தோலும் பிழைக்கும். ஆனா சுடச்சுடத் தார் பட்டுட்டா கதை வேற. கொதிக்கிற தார் 150 டிகிரி பக்கம் இருக்கும். அதைப் பிய்ச்சு எடுத்தா தோலும் சேர்ந்து வந்துடும். பிய்க்காம, எண்ணெயும் தடவாம, குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டிட்டு, தார் ஒட்டினபடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதை எடுக்கிறதை டாக்டர் பார்த்துக்குவார்.

லாரி லாரியா ஜல்லியும் பேரல் பேரலாத் தாரும் இறக்குற வேலையில, ஆளுங்க கைகால் கழுவ தினம் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயும் ரெண்டு சோப்பும் வாங்கி வைக்கிறது ஒப்பந்தக்காரருக்குப் பெரிய செலவு இல்ல. ஊர்ப் பெரியவங்களும் பஞ்சாயத்துல இருக்கிறவங்களும் ரோட்டோட அகலத்தை அளந்து பார்க்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேக்கலாம். உங்க தெருவுல ரோடு போட வந்தா, டீசல் டப்பாவை நோக்கிப் போற அந்த அம்மா கையில வீட்டுல இருக்கிற எண்ணெய்ப் பாட்டிலைக் குடுத்துப் பாருங்க. உங்க பேன்ட் கறைக்கும் அதே பாட்டில்தான்.